முப்பத்தெட்டு டிகிரியில் ஒரு கோடு

நான் பயப்படுகிறவள். பஸ் நிறுத்தம் வரை வந்துவிட்டு, கேஸை அணைத்தேனா என்று பார்க்கத் திரும்பி வீட்டுக்கு நடந்த நாட்கள் நிறைய. ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியதற்கும் வேறு பெரிய காரணம் இல்லை. அடுத்த வருஷம் பொதுத் தேர்வு என்று வகுப்பில் சொன்னார்கள். அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது நான் போகவில்லை. வீட்டில் இரண்டு நாள் திட்டினார்கள், பிறகு ஒரு பட்டுக் கடையில் புடவை மடிக்கிற வேலைக்கு அனுப்பிவைத்தார்கள்.

அந்தக் கடையில் எனக்கு நல்ல பெயர். மடிக்கும்போதே எங்கே ஓர் இழை விட்டிருக்கிறது, எங்கே ஜரிகை பிசிறியிருக்கிறது என்று கண்ணில் பட்டுவிடும். திறமை என்று சொல்ல மாட்டேன். எதையாவது பார்க்காமல் விட்டு, நாளைக்கு யாராவது திட்டிவிடுவார்களோ என்ற பயம்தான். கல்யாணமாகி முசரவாக்கம் வந்த பிறகு, காஞ்சிபுரத்துக்கு வெளியே இருக்கிற ஒரு பொறியியல் கல்லூரியில் துப்புரவு வேலை கிடைத்தது. அங்கே ஆய்வகத்தில் ஒரு குளிர்பதனப் பெட்டி இருந்தது. அதன் கதவில் தெரியும் எண்ணைக் காலையும் மாலையும் ஒரு தாளில் எழுதிவைப்பேன். யாரும் சொல்லவில்லை. எண் ஏறினால் உள்ளே இருப்பது கெட்டுப்போகும், பழி என்மேல் வரும் என்று எழுதினேன். அந்தத் தாளை ஒருநாள் துறைத்தலைவர் மேடம் பார்த்தார்.

"இத யாரு எழுதறது?"

"நாந்தான் மேடம். தப்பா?"

"தப்பில்லமா. நாளையிலேர்ந்து எக்ஸ்ரே ரூம்ல வந்து உக்காரு."

இப்படித்தான் நான் எக்ஸ்ஆர்டி என்கிற எக்ஸ் கதிர்க் கருவிக்கு உதவியாளரானேன். ஏழு வருஷம் ஆகிறது.

கருவி என்ன செய்கிறது என்று என் கணவர் கேட்டபோது நான் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். பொடியின்மேல் எக்ஸ் கதிரை விழவைப்போம். பொடியில் இருக்கிற படிகங்களுக்குள் அணுக்கள் வரிசை வரிசையாக அடுக்கியிருக்கும். அந்த அடுக்குகளில் பட்டு, குறிப்பிட்ட சில கோணங்களில் மட்டும் கதிர் பலமாகத் திரும்பி வரும். கணினித் திரையில் அந்தக் கோணம் வரும்போது கோடு சரேலென்று மேலே ஏறி இறங்கும். அதைப் பீக் என்பார்கள். துத்தநாக ஆக்சைடு என்றால் 31.77, 34.42, 36.25 என்று ஆரம்பித்து இன்னின்ன இடத்தில் பீக் வரவேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் இப்படி ஒரு பட்டியல் அட்டை உண்டு. நமக்கு வந்த எண்களை அட்டையோடு ஒப்பிட்டு, இது இன்ன பொருள் என்று அறிக்கையில் எழுதுவார்கள். எழுதுகிறவர்கள் படித்தவர்கள். பொடியை அரைப்பது, தட்டில் நிரப்புவது, ஓட்டுவது, நோட்டில் குறிப்பது என் வேலை.

என் நோட்டைப் பற்றிக் கேலி பேசாதவர்கள் அந்தக் கட்டடத்தில் இல்லை. எந்தப் பொடி, எந்தத் தட்டு, பொடி போதுமா, மேல்மட்டம் வரை நிரம்பியதா, அன்றைக்கு மழையா, மின்சாரம் போனதா, எல்லாம் எழுதுவேன். "மளிகை லிஸ்ட்டு கூட இதுல இருக்கும்போல" என்பார் மின் பராமரிப்பு அண்ணன். ஒருமுறை நிஜமாகவே இருந்தது.

மேடத்துக்கு ஒரு வழக்கம். ஆய்வு மாணவர் யாராவது ஆய்வேடு சமர்ப்பிக்கும் முன்னால், எக்ஸ்ஆர்டி சம்பந்தப்பட்ட பக்கங்களை மட்டும் அச்செடுத்து என்னிடம் அனுப்புவார். எத்தனை டிகிரி முதல் எத்தனை டிகிரி வரை ஓட்டினோம், எந்தத் தட்டு, எந்தத் தேதி என்பதை நோட்டோடு ஒப்பிட்டு நான் பென்சிலால் டிக் போட்டுத் தரவேண்டும். அப்படித்தான் சாரின் பக்கங்கள் என் மேசைக்கு வந்தன.

சார் என்று நான் சொல்வது ஒரு பாலிடெக்னிக் விரிவுரையாளரை. வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாக முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்து, இரண்டு முறை கால நீட்டிப்பும் வாங்கிவிட்டார். இதுதான் கடைசி. அந்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள் சமர்ப்பிக்கவில்லை என்றால் பதிவு ரத்து. அவருடைய வேலை, வெள்ளி கலந்த துத்தநாக ஆக்சைடு. துணியில் பூசினால் கிருமி வளராது. மூன்று பொடிகள் செய்திருந்தார்: வெள்ளி கலக்காதது, கொஞ்சம் கலந்தது, அதிகம் கலந்தது.

பக்கங்களில் முதல் இரண்டு பொடிகளுக்கும் சுருக்கமாக ஒரு பத்தி. மூன்றாவதற்கு ஒன்றரைப் பக்கம். அதில் அவர் எழுதியிருந்ததை நான் புரிந்துகொண்டது இது: துத்தநாக ஆக்சைடின் பீக்குகள் எல்லாம் இடப்பக்கம் நகர்ந்திருக்கின்றன. 31.77-இல் வரவேண்டியது 31.45-இல் வந்திருக்கிறது. வெள்ளி அணு பெரியது, அது படிக அடுக்குக்குள் புகுந்து அதை விரித்துவிட்டது, ஆகவே கோணம் குறைந்தது. அதோடு 38.15-இலும் 44.41-இலும் புதிதாக இரண்டு பலமான பீக்குகள். வெள்ளிக்கான அட்டையில் இருப்பது 38.12, 44.28. ஆகவே புகுந்தது போக மிச்ச வெள்ளி தனியாகவும் நிற்கிறது. இந்த ஒன்றரைப் பக்கத்தை நம்பித்தான் அந்த அத்தியாயம் முழுவதும் நின்றது.

தேதியைப் பார்த்து நோட்டைப் புரட்டினேன். என் கையெழுத்தில் இருந்தது:

"மூணாவது பொடி. ரொம்பக் கொஞ்சம். பழைய அலுமினியத் தட்டு. குழி நிரம்பவில்லை. ஸ்பிரிட் விட்டு அடியில் பரப்பினேன். நடுநடுவே அடி தெரிகிறது."

அந்த வரிகளை விரல் வைத்து இன்னொரு தடவை படித்தேன்.

அன்றைக்கு நடந்தது ஞாபகம் வந்தது. சார் பொடியை எல்லாம் துணிப் பரிசோதனைக்குச் செலவழித்துவிட்டு, ஒரு சிட்டிகை மட்டும் கொண்டுவந்திருந்தார். அந்த மாதிரி கொஞ்சப் பொடிக்கென்றே ஒரு சிலிக்கான் தட்டு எங்களிடம் இருக்கிறது. வழவழவென்று கண்ணாடி மாதிரி இருக்கும். தன் பங்குக்குப் பீக் எதுவும் தராதபடி தனியாக ஒரு திசையில் வெட்டிச் செய்தது. விலை அதிகம். வந்த புதிதில் அதன் ஓரத்தில் ஒரு கடுகளவு நான் உடைத்துவிட்டேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அதை வெளியே எடுக்கவே கை வராது. பஞ்சில் சுற்றி, டப்பாவில் போட்டு, டப்பாவை அலமாரியில் வைத்து, கல்யாணப் பட்டு மாதிரி பூட்டி வைத்திருந்தேன். அன்றைக்கு அதைத்தான் எடுத்திருக்க வேண்டும். பயந்துபோய், லேத்தில் கடைந்து வாங்கிய பழைய அலுமினியத் தட்டையே எடுத்தேன்.

பொடியின் மேல்மட்டம் தட்டின் விளிம்போடு ஒரே மட்டமாக இருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். முதல் நாள் கருவியை நிறுவிய ஆள் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: பொடி பள்ளத்தில் கிடந்தால் பீக் எல்லாம் இடப்பக்கம் போகும். அலுமினியத்தின்மேல் கதிர் பட்டால் அலுமினியமும் பீக் தரும் என்பதும் தெரியும். ஆனால் அலுமினியத்துக்கு அட்டையில் 38.47 என்று இருக்கும். இங்கே இருந்தது 38.15. அப்படியென்றால் இது வெள்ளிதானோ?

அன்று மாலை வீட்டுக்கு வந்து சாதம் வடிக்கிறேன், மனசு வேறெங்கோ இருக்கிறது. கணவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். சீக்கிரம் வந்திருந்தார்.

"இன்னா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது?"

விஷயத்தைச் சொன்னேன்.

"போன மாசம் கேஸ் லீக்குன்னு தெருவையே எழுப்பிவுட்ட. எதிர் வூட்ல கருவாடு வறுத்துக்கினு இருந்தாங்க."

"இது கருவாடு இல்ல. நோட்ல எழுதியிருக்குது."

"எழுதியிருக்குதா?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப போய் சொல்லிடு. இல்லன்னா ஆறு மாசத்துக்கு நீ தூங்க மாட்ட, என்னையும் தூங்கவுட மாட்ட."

அவர் சுலபமாகச் சொல்லிவிட்டார். சொன்னால் தப்பு என்னுடையது என்று ஆகும். சிலிக்கான் தட்டை ஏன் எடுக்கவில்லை என்று கேட்பார்கள். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. சார் வெள்ளிக்கிழமை சமர்ப்பித்துவிடுவார். வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வருகிறவர் யாராவது கண்டுபிடித்தால், ஐம்பது வயது மனிதர் எல்லார் முன்னாலும் தலை குனிந்து நிற்பார். அப்போது அவருக்கு இன்னொரு பொடி செய்ய நேரமும் இருக்காது.

மறுநாள், செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்தில் கருவி சும்மா இருந்தது. அந்தப் பழைய அலுமினியத் தட்டை நன்றாகத் துடைத்து, பொடி எதுவும் வைக்காமல், வெறும் தட்டாக உள்ளே வைத்தேன். ஈயக் கண்ணாடிக் கதவைச் சாத்தி, பூட்டு விழுந்ததா என்று இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். இருபது டிகிரியிலிருந்து எண்பது வரை, அன்றைக்கு ஓட்டியதைப் போலவே. நாற்பது நிமிஷம். டிபன் பாக்ஸைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தேன்.

முப்பது டிகிரி தாண்டியது. ஒன்றும் இல்லை, புல் மாதிரி சின்னச் சின்ன இரைச்சல். முப்பத்தாறு. முப்பத்தேழு. முப்பத்தெட்டில் கோடு எழுந்தது.

38.15.

பிறகு 44.41. முதலாவதைவிட இது உயரம். அறுபத்துநாலில் ஒன்று, 64.82. கடைசியில் 77.97.

குழியின் அடி, விளிம்பைவிடக் கீழே இருக்கிறது அல்லவா? பொடி பள்ளத்தில் கிடந்தால் எப்படி நகருமோ, அப்படியே அலுமினியத்தின் பீக்கும் 38.47-இலிருந்து இறங்கி வந்து, வெள்ளி நிற்கவேண்டிய இடத்தில் நின்றுகொண்டிருந்தது. வெள்ளி அட்டையை எடுத்தேன். முதலாவது 38.12. கிட்டத்தட்ட ஒன்றுதான். இரண்டாவது 44.28. கொஞ்சம் தள்ளி. மூன்றாவது 64.43. இங்கே வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது. நான்காவது 77.47. அரை டிகிரி. சாரின் பக்கத்தில் முதல் இரண்டு மட்டுமே இருந்தன. படத்தையும் பட்டியலையும் அறுபது டிகிரியோடு வெட்டியிருந்தார். கருவியின் கணினியில் கிடந்த அவருடைய முழுக் கோப்பைத் திறந்து பார்த்தேன். 64.82-உம் 77.97-உம் அங்கேயும் இருந்தன.

எனக்கு அழுகை வந்தது. பயத்தில் இல்லை. என்ன என்று எனக்கே புரியவில்லை. ஒன்பதாம் வகுப்பில் கணக்குப் பரீட்சை என்றாலே வயிறு கலங்கியவள், இரண்டு பட்டியலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இது அது இல்லை என்று என் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மூன்று மணிக்கு சார் வந்தார். கையில் ஒரு பெட்டி இனிப்பு. பைண்டிங் கடைக்குக் கொடுத்துவிட்டு வரும் வழியில் வாங்கியதாம்.

"டிக் போட்டாச்சாமா? இந்தா, முதல்ல உனக்குத்தான்."

"சார், இனிப்பு இருக்கட்டும். ஒண்ணு சொல்லணும். தப்பு எம்மேலதான்."

இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் திரையில் வைத்துக் காட்டினேன். சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார்.

"இது எந்த சேம்பிள்?"

"இது சேம்பிள் இல்ல சார். வெறும் தட்டு."

அவர் முகம் சிவந்தது. "மூணு மாசம் கழிச்சி வந்து சொல்றியேமா. அன்னிக்கே சொல்ல வாய் வரலயா?"

"அன்னிக்கி தெரியல சார். நோட்ல எழுதினேன், யாரும் கேக்கல."

"நோட்டு! பெரிய நோட்டு! நீ எந்தப் படிப்பு படிச்சிட்டு எனக்கு சில்வர் இல்லன்னு சொல்ற?"

"ஒம்பதாவது சார்," என்றேன். கேட்டதற்குப் பதில் சொல்வதாகத்தான் நினைத்தேன். அவர் திரையிலிருந்த இரண்டு படங்களையும் இன்னொரு முறை பார்த்தார். இனிப்புப் பெட்டியை மேசையில் வைத்தார். "மேடம் ரூமுக்கு வா" என்று முன்னால் நடந்தார்.

மேடம் எங்கள் இருவரையும் உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. நோட்டைக் காட்டினேன். சிலிக்கான் தட்டை ஏன் எடுக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

"ஒடைஞ்சிடும்னு பயந்தியா?"

"ஆமா மேடம்."

"ஒடைஞ்சா வேற வாங்குவோம். பூட்டி வெக்கறதுக்கா வாங்கினது?" என்றார். அவ்வளவுதான் திட்டு. பிறகு பென்சிலை எடுத்து சாரிடம் திரும்பினார். "நீங்க ஏன் அறுபதுல வெட்டினீங்க?"

"தெளிவா இருக்கட்டும்னு மேடம். அதுக்கு மேல எல்லாம் சின்னப் பீக்கு..."

"தெளிவா இருக்கறது அதுக்கு மேலதான். லாட்டிஸ், அதான் படிக அடுக்கு, விரிஞ்சிருந்தா பின்னாடி போகப் போக நகர்வு ஜாஸ்தியாகணும். முதல் பீக்கு பாயிண்ட் மூணு ரெண்டு நகர்ந்தா, அறுபத்தெட்டு கிட்ட இருக்கறது அதுக்கு ரெண்டு மடங்குக்கு மேல நகரணும். உங்களுது எவ்வளோ நகர்ந்திருக்குது?"

நான் எண்களைக் குறித்துவந்த தாளைப் பார்த்தேன். 67.96-இல் வரவேண்டியது 67.68-இல் இருந்தது. "பாயிண்ட் ரெண்டு எட்டு மேடம். கொறஞ்சிதான் இருக்குது."

"கொறஞ்சிதான் இருக்கும். எல்லாமே ஏறக்குறைய ஒரே அளவு நகர்ந்து, பின்னாடி கொஞ்சம் கொறைஞ்சா, அது பொடியோட உயரம். படிகத்தோட வேல இல்ல."

எனக்கு உடனே தறியில் ஏற்றிய பாவு நூல் ஞாபகம் வந்தது. பாவையே ஒரு பக்கமாகத் தள்ளிக் கட்டிவிட்டால் எல்லா இழையும் சேர்ந்துதான் தள்ளி நிற்கும். அதைப் பார்த்து இழை பருத்துவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

சார் தலையைக் கையில் தாங்கிக்கொண்டார். "அப்ப என் சேம்பிள்ல சில்வரே இல்லயா மேடம்? வெள்ளிக்கிழமைக்குள்ள நான் என்ன பண்ணுவேன்? பொடியும் தீந்துபோச்சி."

"பொடி இருக்குது சார்," என்றேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் எதையும் தூக்கிப்போட மாட்டேன். அன்றைக்கு ஓட்டி முடித்ததும், தட்டிலிருந்து பொடியைச் சுரண்டி, வழவழப்பான தாளில் மடித்து, பெயரும் தேதியும் எழுதி, ஈரம் வராத ஜாடியில் போட்டு வைத்திருந்தேன். எல்லாருடைய பொடியையும் அப்படித்தான் வைப்பேன். யாராவது வந்து, என் பொடி எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது என்ற பயம்.

"இருக்குதா?" என்று சார் எழுந்தார். "எவ்ளோ?"

"மூக்குப்பொடி அளவு."

புதன்கிழமை காலை அலமாரியைத் திறந்தேன். சார், மேடம் இருவரும் பின்னால் நின்றார்கள். டப்பாவைத் திறந்து, பஞ்சைப் பிரித்து, சிலிக்கான் தட்டை விளிம்பில் பிடித்து எடுத்தேன். கை நடுங்கியது. "நான் வேணா எடுக்கட்டுமா?" என்றார் சார். "வேணாம் சார், நீங்க இன்னும் பயந்துபோயிருக்கீங்க," என்றேன். மேடம் சிரித்துவிட்டார்.

ஒரு சொட்டு ஸ்பிரிட். அதில் பொடியைத் தூவி, மெல்லிய படலமாகப் பரப்பி, காயவிட்டேன். இந்தத் தட்டில் குழி கிடையாது, மேல்மட்டமே விளிம்பு மட்டம். பொடி இருக்கவேண்டிய உயரத்தில்தான் இருக்கும். பொடி கொஞ்சம் என்பதால் மெதுவாக ஓட்டச் சொன்னார் மேடம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று கணினி காட்டியது. வெளியே, கருவி சூடாகாமல் பார்த்துக்கொள்கிற குளிர்நீர் இயந்திரம் ஓடுகிறதா என்று நான் நான்கு முறை எழுந்துபோய்ப் பார்த்தேன். நான்காவது முறை சாரும் கூடவே வந்தார்.

"இது எப்பவும் இப்டித்தான் சத்தம் போடுமாமா?"

"போடும் சார். நின்னுபோனாதான் பயப்படணும்."

முதல் பீக் 31.77-இல் எழுந்தது. அட்டையில் இருக்கிற அதே இடம். பிறகு 34.42, 36.26. நகர்வு இல்லை. சார் ஒரு பெருமூச்சு விட்டார். வெள்ளி அடுக்குக்குள் புகுந்து அதை விரிக்கவில்லை. அவருடைய ஒன்றரைப் பக்கம் அந்த இடத்திலேயே போய்விட்டது. முப்பத்தேழு தாண்டியது. 38-இல் இரைச்சலுக்கு நடுவிலிருந்து ஒரு சின்ன மேடு கிளம்பியது. அகலமாக, சோம்பேறித்தனமாக ஏறியது. முன்பு பார்த்த உயரத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

"சும்மா இரைச்சலா இருக்கும்," என்றார் சார். நம்பப் பயப்படுகிறவரின் குரல் எனக்கு நன்றாகத் தெரியும்.

"இருங்க சார். மீதி மூணும் வரட்டும்."

44.28-இல் இன்னும் சின்னதாக ஒன்று. முதலாவதைவிடத் தாழ்வு, வெள்ளி அட்டையில் சொல்லியிருக்கிறபடியே. 64.4-இல் ஒன்று. கடைசியில், 77.47-க்குக் கிட்டத்தில், துத்தநாகத்தின் சின்னப் பீக் ஒன்றுக்குத் தள்ளி, தேடினால்தான் தெரிகிற ஒரு மேடு. நான்கும் வந்துவிட்டன. அது வெள்ளிதான். உள்ளே புகாமல், துகளாகத் தனியே நிற்கிற வெள்ளி.

மேடம் பழைய கோப்பைத் திறக்கச் சொன்னார். 38.15-இல் நிமிர்ந்து நின்ற பெரிய பீக்கின் இடப்பக்கச் சரிவைப் பெரிதாக்கினார். 37.80-இல் ஒரு சிறு புடைப்பு. "இதுதான் உங்க சில்வர். பொடியோட சேந்து பள்ளத்துல கெடந்துது. அலுமினியத்தப் பாத்து சில்வர்னு எழுதிட்டு, நெஜ சில்வர நாய்ஸ்னு விட்டுட்டீங்க."

சார் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். அப்போதுதான் முந்தின நாள் இனிப்பு ஞாபகம் வந்தது. பெட்டியைத் திறந்தோம். எறும்பு வந்திருந்தது. ஊதிவிட்டுச் சாப்பிட்டோம்.

அன்று மதியமும் மறுநாளும் அவர் என் மேசையிலேயே உட்கார்ந்து அந்தப் பகுதியைத் திருத்தி எழுதினார். பைண்டிங் கடைக்காரரிடம், அந்தப் பக்கங்களை மட்டும் நிறுத்திவையுங்கள் என்று ஃபோனில் கெஞ்சினார். இந்த முறை பட்டியலை எண்பது டிகிரி வரை போட்டார். கண்ட கோணம், அட்டைக் கோணம், வித்தியாசம், எந்தப் படிகத் தளம் என்று நான்கு நெடுவரிசைகள். நான் எண்களை வாசிப்பேன், அவர் தட்டச்சு செய்வார். வித்தியாசம் என்ற வரிசையை முதல் தடவை அவர் போடவே இல்லை. இப்போது ஒவ்வொன்றாக நிரப்பினோம். எல்லாம் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் வந்தன. ஒரே அளவில் சேலை மடித்து அடுக்கினால் ஓரம் எப்படி நேராக நிற்குமோ, அப்படி அந்த வரிசை நின்றது.

"எழுதறேன், சரியான்னு கேளுமா," என்று படித்துக் காட்டினார். துத்தநாக ஆக்சைடின் எல்லாப் பீக்குகளும் அறுகோணப் படிக அட்டையோடு பொருந்துகின்றன, அளக்கும்படியான நகர்வு இல்லை, 38.1, 44.3, 64.4, 77.5 டிகிரிகளில் காணும் பலவீனமான பீக்குகள் உலோக வெள்ளியைச் சேர்ந்தவை. ஆகவே வெள்ளி பெரும்பாலும் தனிக் கட்டமாக, அதாவது அடுக்குக்குள் கலக்காமல் தனித் துகளாக, இருக்கிறது. பழைய பத்தியில் இருந்த பெரிய வார்த்தைகள் ஒன்றும் இல்லை. ஆனால் கேட்கும்போது எனக்கு வயிறு கலங்கவில்லை.

"சார், பலவீனமானன்னு எழுதறீங்களே, கொறச்சலா இருக்காதா?"

"பலவீனம்தானேமா அது? இருக்கறத எழுதினா போதும்." பிறகு கொஞ்சம் தயங்கி, "அன்னிக்கி உன் படிப்பப் பத்தி பேசினேன். மனசுல வெச்சிக்காத," என்றார்.

"நீங்க கேட்டீங்க, நான் சொன்னேன் சார்."

வெற்றுத் தட்டின் படத்தையும், பள்ளத்தில் ஓட்டிய பழைய படத்தையும் பின்னிணைப்பில் போடச் சொன்னார் மேடம். தப்பை ஏன் அச்சடிக்க வேண்டும் என்று சார் முதலில் இழுத்தார். மேடம் விடவில்லை. தட்டின் குழி ஆழத்தை நான் வெர்னியரில் அளந்து சொன்னேன், ஏறக்குறைய 0.7 மில்லிமீட்டர். அந்த ஆழத்துக்கு எவ்வளவு நகரவேண்டும் என்று மேடம் கணக்குப் போட்டார். வந்த விடை, வெற்றுத் தட்டில் நான் கண்ட அதே நகர்வு. வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு சார் சமர்ப்பித்தார்.

வாய்மொழித் தேர்வு பல மாதம் கழித்து நடந்தது. கருத்தரங்க அறையில் கடைசி வரிசையில், மின் பராமரிப்பு அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தேன். உள்ளங்கை வேர்த்துக்கொண்டே இருந்தது. எனக்குத்தான் தேர்வு என்பதைப் போல. வெளியூரிலிருந்து வந்திருந்த பரிசோதகர் கண்டிப்பானவர். துணிப் பரிசோதனை பற்றியே அரை மணி நேரம் கேட்டார். பிறகு எக்ஸ்ஆர்டி படம் திரைக்கு வந்தது.

"நெறைய பேர் சில்வர் சேத்தா பீக் இடப்பக்கம் நகருதுன்னு சொல்றாங்க. உங்களுக்கு ஏன் நகரல?"

சார் திணறவில்லை. "எங்களுக்கும் முதல்ல நகர்ந்துது சார். அது சேம்பிள் உயரத்தால வந்தது. பின்னிணைப்புல படம் இருக்குது."

"முப்பத்தெட்டுல ஹோல்டரும் பீக் குடுக்குமே? ப்ளாங்க் ஓட்டினீங்களா?"

"ஓட்டினோம் சார். அதே பக்கத்துல கீழ இருக்குது."

பரிசோதகர் பக்கத்தைப் புரட்டினார். என் வெற்றுத் தட்டின் படத்தை, நாற்பது நிமிஷம் டிபன் பாக்ஸைத் திறக்காமல் நான் பார்த்துக்கொண்டிருந்த நான்கு கோடுகளை, அவர் மேலிருந்து கீழாகப் பார்த்தார். "சரி," என்றார். "அடுத்த கேள்வி."

பத்து விநாடிகூட ஆகியிருக்காது. மின் பராமரிப்பு அண்ணன் என் பக்கம் குனிந்தார். "இன்னாமா, அவ்ளோதானா? ஒரு வார்த்த பாராட்டலயே!"

"அவ்ளோதான்ணா," என்றேன். "சரின்னு சொல்லிட்டாரு."

பத்தாம் வகுப்புத் தேர்வை நான் எழுதவே இல்லை. எழுதியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். அன்றைக்கு அந்த அறையிலிருந்து வெளியே வரும்போது அந்த நினைப்பு வரவில்லை. எக்ஸ்ரே அறைக்குப் போனேன். மதியம் ஓட்ட வேண்டிய பொடிகள் இரண்டு காத்திருந்தன. ஒன்று ரொம்பக் கொஞ்சம். அலமாரியைத் திறந்து சிலிக்கான் தட்டை எடுத்தேன். கை இப்போதும் கொஞ்சம் நடுங்கத்தான் செய்கிறது. நோட்டில் எழுதிக்கொண்டேன்: "பொடி கொஞ்சம். சிலிக்கான் தட்டு. மட்டம் சரி."